500 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர், 160 கே.வி.ஏ. சுமை: ஆண்டுக்கு எத்தனை யூனிட் வீணாகிறது?

நெல்மணி · 4 ஜூன் 2023, காலை 7.10

தஞ்சாவூர் பக்கம் அரிசி ஆலை. அப்பா காலத்தில் இரண்டாவது அரவை வரிசை போடுவதாகத் திட்டமிட்டு 500 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினார்கள். இரண்டாவது வரிசை வரவே இல்லை. இன்று எங்கள் உச்சச் சுமை 160 கே.வி.ஏ., ஓடும் நேரத்தில் சராசரி 100. ஆண்டில் 200 நாள், நாளுக்கு 12 மணி நேரம் ஆலை ஓடுகிறது. மற்ற நாட்களில் கிடங்கு விளக்கு, போர் பம்பு, காவலர் அறை மட்டும்.

மின் தணிக்கைக்கு வந்தவர் 200 கே.வி.ஏ.வுக்கு மாற்றச் சொல்கிறார். எங்கள் எலெக்ட்ரீஷியன், "பெரியது குளிர்ச்சியாக ஓடும், இழப்பு குறைவு, கை வைக்காதீர்கள்" என்கிறார். யார் சொல்வது சரி?

பழைய சோதனைச் சான்றிதழ் கையில் இருக்கிறது: சுமையில்லா இழப்பு 980 வாட், முழுச்சுமையில் சுமை இழப்பு 6,600 வாட்.

கம்பிக்கட்டு · 4 ஜூன், காலை 9.32

உங்கள் எலெக்ட்ரீஷியன் சொல்வதுதான் சரி. சுமை பாதியானால் சுமை இழப்பு, அதாவது செம்பு இழப்பு, கால் பங்காகிவிடும். உங்கள் 100 கே.வி.ஏ. 500-இல் ஐந்தில் ஒரு பங்கு, ஆகவே இழப்பு இருபத்தைந்தில் ஒரு பங்கு, வெறும் 264 வாட். அதே சுமையை 200-இல் ஏற்றினால் அது பாதிச் சுமை. டிரான்ஸ்ஃபார்மரின் திறன் உச்சத்தில் இருப்பது முழுச்சுமையில் அல்ல, நாற்பது சதவீதத்துக்கு அருகில். கொஞ்சம் பெரிதாக வாங்குவதே நல்லது. இருபது ஆண்டாக வயரிங் செய்கிறேன், சூடாகி எரிந்ததெல்லாம் சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள்தான்.

கணக்கர் · 4 ஜூன், காலை 11.05

டிரான்ஸ்ஃபார்மரை மாற்றுவதற்கு முன் அனுமதிக்கப்பட்ட டிமாண்டைக் குறைக்க விண்ணப்பியுங்கள். பதிவான டிமாண்டு குறைவாக இருந்தாலும் அனுமதி பெற்றதில் 90 சதவீதத்துக்குக் கட்டணம் போடுகிறார்கள். எங்கள் நூல் ஆலையில் அதைக் குறைத்ததும் மாதா மாதம் பில் இறங்கியது.

நெல்மணி · 4 ஜூன், பகல் 1.40

கணக்கர், அது வேறு விஷயம். எங்கள் அனுமதி டிமாண்டு 180 தான், இரண்டு ஆண்டுக்கு முன்பே குறைத்துவிட்டோம். நான் கேட்பது டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளேயே காணாமல் போகும் யூனிட்டைப் பற்றி. எங்கள் மீட்டர் டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால், 11 கே.வி. வரும் எச்.டி. பக்கம் இருக்கிறது. ஆகவே அந்த இழப்பு முழுவதும் எங்கள் பில்லில்தான் விழுகிறது.

சுருள் · 4 ஜூன், இரவு 9.15

கம்பிக்கட்டு சொன்ன 264 வாட் சரி. ஆனால் அவர் 980-ஐத் தொடவே இல்லை.

நான் பழுதுபார்க்கும் பட்டறையில் சுருள் சுற்றிய ஆள். சுமையில்லா இழப்பைத்தான் இரும்பு இழப்பு என்போம். அதற்கு உங்கள் ஆலை ஓடுகிறதா, பூட்டிக் கிடக்கிறதா என்பது தெரியாது. 11 கே.வி. கிடைத்துக்கொண்டிருக்கும் வரை உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகள் நொடிக்கு ஐம்பது முறை காந்தமாகி மறுபக்கம் திரும்பும். அந்த வேலைக்கான மின்சாரம்தான் 980 வாட். தீபாவளியன்றும் அதே 980, அரவை நடக்கும் நாளிலும் அதே 980. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். பெருக்கினால் 8,585 யூனிட்.

செம்பு இழப்போ ஆலை ஓடும் 2,400 மணி நேரம் மட்டும்: 0.264 கிலோவாட்டை 2,400-ஆல் பெருக்கினால் 634 யூனிட். ஒரு பக்கம் 8,585, இன்னொரு பக்கம் 634. உங்கள் பணம் எந்தப் பக்கம் போகிறது என்று நீங்களே பாருங்கள்.

200 கே.வி.ஏ.வுக்கு வாங்கிய விலைப்புள்ளியில் என்ன எண் கொடுத்திருக்கிறார்கள்?

நெல்மணி · 5 ஜூன், காலை 6.50

விலைப்புள்ளியில் இரும்பு, செம்பு என்று பிரித்துத் தரவில்லை. 50 சதவீதச் சுமையில் மொத்த இழப்பு 890 வாட், 100 சதவீதத்தில் 2,700 வாட் என்று மட்டும் இருக்கிறது.

சுருள் · 5 ஜூன், காலை 8.20

இப்போது பெயர்ப்பலகையிலும் அப்படித்தான் போடுகிறார்கள். பிரிப்பது எளிது. இரண்டு எண்ணிலும் இரும்பு இழப்பு முழுதாக இருக்கிறது. செம்பு இழப்பு ஒன்றில் முழுசாகவும் மற்றதில் கால் பங்காகவும் இருக்கிறது. ஆகவே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் செம்பு இழப்பில் முக்கால் பங்கு. 2,700-இல் 890 போனால் 1,810. அதை முக்காலால் வகுத்தால் 2,413, அதுதான் முழுச்சுமைச் செம்பு இழப்பு. 2,700-இல் அதைக் கழித்தால் மீதம் 287 வாட் இரும்பு இழப்பு.

நெல்மணி · 5 ஜூன், இரவு 10.30

உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

200 கே.வி.ஏ. வைத்தால் இரும்பு இழப்பு ஆண்டுக்கு 2,514 யூனிட். 100 கே.வி.ஏ. பாதிச் சுமை என்பதால் செம்பு இழப்பு 603 வாட், 2,400 மணி நேரத்துக்கு 1,448 யூனிட். மொத்தம் 3,962. இப்போதுள்ள 500-இல் மொத்தம் 9,219. வித்தியாசம் 5,257 யூனிட். கணக்கு எளிதாக இருக்க யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் 42,000 ரூபாய்.

செம்பு இழப்பில் கம்பிக்கட்டு சொன்னது சரிதான். சிறியதில் அது இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் இரும்பில் ஆறாயிரம் யூனிட் மிச்சமாகும்போது செம்பில் எண்ணூறு கூடுவது பெரிதாகத் தெரியவில்லை.

கம்பிக்கட்டு · 6 ஜூன், காலை 7.45

நான் சொன்னதை முழுவதும் தள்ளிவிடாதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன என்று வைத்து, எந்தச் சுமையில் இரண்டின் இழப்பும் சமமாகும் என்று பாருங்கள்.

சுருள் · 6 ஜூன், மாலை 6.00

நியாயமான கேள்வி. போட்டுப் பார்த்தேன். சுமார் 143 கே.வி.ஏ.வில் இரண்டும் சமம். அதற்கு மேல் போனால் அந்த நிமிடத்தில் 500-தான் குறைவாக வீணாக்கும். ஆகவே நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் 150 இழுக்கும் தொழிற்சாலை என்றால் கம்பிக்கட்டு சொன்னதே வெல்லும். பனிக்கட்டித் தொழிற்சாலை, குளிர்பதனக் கிடங்கு போன்ற இடங்களில் பெரிய டிரான்ஸ்ஃபார்மரை வைத்திருப்பது தப்பே இல்லை.

நெல்மணியின் ஆலை அப்படி இல்லை. 8,760 மணியில் 2,400 மணிதான் ஓடுகிறது. அந்த விகிதத்தில் இரண்டும் சமமாக வேண்டுமானால் ஓடும்போது 273 கே.வி.ஏ. இழுக்க வேண்டும். 200-இல் அது ஏறவே ஏறாது. ஆகவே இந்த ஆலைக்குச் சிறியதே வெல்கிறது.

திறன் உச்சம் நாற்பது சதவீதத்தில் என்பதும் அந்த நிமிடத்துக்கு மட்டும் பொருந்தும் கணக்கு. உங்கள் 500-க்கு அந்தப் புள்ளி 193 கே.வி.ஏ.; இரும்பும் செம்பும் சமமாகும் இடம். பூட்டிக் கிடக்கும் ஆலைக்குத் திறன் என்ற பேச்சே கிடையாது, இழப்பு மட்டும்தான்.

மூன்றாம்மாடி · 6 ஜூன், இரவு 8.12

எங்கள் குடியிருப்பில் 120 வீடு. வாசலில் 250 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர், பாதி வீடு காலி. அப்படியென்றால் நாங்களும் இந்த இரும்பு இழப்புக்குப் பணம் கட்டுகிறோமா? எங்கள் சங்கத்தில் இதை எழுப்பலாமா?

நெல்மணி · 6 ஜூன், இரவு 9.00

அந்த டிரான்ஸ்ஃபார்மர் மின்வாரியத்துடையதா, உங்களுடையதா? வீடு வீடாக எல்.டி. மீட்டர் இருந்து டிரான்ஸ்ஃபார்மர் வாரியத்துடையது என்றால் இழப்பு அவர்கள் கணக்கில் போகிறது. உங்கள் மீட்டர் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

மூன்றாம்மாடி · 6 ஜூன், இரவு 9.20

வாரியத்துடையது. சரி, சங்கத்தில் பேசவில்லை.

நெல்மணி · 11 ஜூன், காலை 5.55

கணக்கைத் திருத்துகிறேன். சராசரி 100 கே.வி.ஏ. என்று வைத்து வர்க்கம் போட்டது தவறு. செம்பு இழப்பு சுமையின் வர்க்கத்தில் போவதால் முதலில் ஒவ்வொரு மணியையும் வர்க்கம் போட்டு, பிறகுதான் சராசரி எடுக்க வேண்டும். எங்கள் ஆலையில் பாலிஷரும் உமி நீக்கியும் சேர்ந்து ஓடும் ஐந்து மணி நேரம் 160, மற்ற ஏழு மணி நேரம் 57 அளவில் இருக்கும். அப்படிப் பார்த்தால் செம்பு இழப்பு நான் போட்டதைவிட 25 சதவீதம் கூடுகிறது. 500-இல் 796 யூனிட், 200-இல் 1,819 யூனிட். மிச்சம் 5,257 இல்லை, 5,048.

பெரிய மாற்றம் இல்லைதான். ஆனால் சுமை இன்னும் மேடு பள்ளமாக இருக்கும் ஆலைக்காரர் சராசரியை வைத்துப் போட்டால் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் உண்மையைவிட நல்லதாகத் தெரியும்.

இன்னொன்று. நேற்று ஞாயிறுக்காக ஆலையை நிறுத்தியதும் ஆலைக்குப் போகும் எல்.டி. பிரேக்கரைத் திறந்து மின்சாரத்தைத் துண்டித்துவிட்டேன். காவலர் அறைக்கு அவசர விளக்கு கொடுத்தேன். நேற்று இரவு 8 மணி மீட்டர் அளவு எழுதி வைத்திருக்கிறேன். நாளைக் காலை 6 மணிக்குப் படிப்பேன்.

நெல்மணி · 12 ஜூன், காலை 6.40

34 மணி நேரத்தில் மீட்டரில் 0.60 ஓடியிருக்கிறது. எங்கள் பெருக்கெண் 60. ஆக 36 யூனிட். ஒரு மணிக்கு 1.06 யூனிட், அதாவது சராசரி 1.06 கிலோவாட். எல்.டி. பக்கம் ஒரு பல்புகூட எரியவில்லை, ஆனாலும் 36 யூனிட்.

சான்றிதழில் 980 என்று இருக்கிறது. 80 வாட் எங்கிருந்து கூடியது? விடியற்காலையில் வேலிக்குள் போய்த் தொட்டியைத் தொட்டேன். ஒன்றரை நாள் சுமையே இல்லை, ஆனால் தொட்டி வெதுவெதுப்பாக இருந்தது.

சுருள் · 12 ஜூன், காலை 7.30

வேலிக்குள் போகாதீர்கள். 11 கே.வி. புஷிங் தலைக்கு மேலே திறந்து கிடக்கிறது. சுமை இல்லை என்பது எல்.டி. பக்கத்துக்கு மட்டும்தான், எச்.டி. பக்கம் முழு மின்னழுத்தம் இருக்கிறது. இதை எழுதும்போதே எனக்குப் பதறுகிறது. பட்டறையில் என்னோடு வேலை செய்தவர் ஒருவருக்கு இப்படித்தான் ஒரு கை போனது.

80 வாட்டுக்கு வருகிறேன். இரவில் ஊர்ச் சுமை குறைந்ததும் ஃபீடரில் மின்னழுத்தம் ஏறும். எல்.டி. வோல்ட்மீட்டர் அந்த நேரம் என்ன காட்டுகிறது?

நெல்மணி · 12 ஜூன், இரவு 11.10

இனிப் போகமாட்டேன்.

இப்போது 448 காட்டுகிறது. பகலில் 425.

சுருள் · 13 ஜூன், காலை 6.15

433 வர வேண்டிய இடத்தில் 448, அதாவது மூன்றரை சதவீதம் அதிகம். இரும்பு இழப்பு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகவே ஏறும். ஆகவே மூன்றரை சதவீதம் ஏறினால் ஏழெட்டு சதவீதம் கூடுவது இயல்பு. உங்கள் 1.06 அங்கேதான் வருகிறது. டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுப்போகவில்லை.

மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டேப்பை ஒரு படி மாற்றினால் இரவு அளவு இறங்கும். ஆனால் பகலில் 425 என்கிறீர்கள், அது இன்னும் இறங்கினால் மோட்டார் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும். நானாக இருந்தால் மாற்றமாட்டேன். யாராவது மாற்றுவதானாலும் இந்த வகை டேப்பை மின்சாரம் இருக்கும்போது திருப்பக் கூடாது. இரண்டு பக்கமும் துண்டித்து, எர்த் செய்த பிறகுதான்.

கணக்கர் · 13 ஜூன், காலை 10.20

டிரான்ஸ்ஃபார்மர் விலை என்ன? யாரும் கேட்கவே இல்லையே.

நெல்மணி · 13 ஜூன், பகல் 2.30

200 கே.வி.ஏ. 4,50,000. அடித்தளம், கேபிள் முனைகள், ஆய்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து இன்னொரு 60,000. பழைய 500-ஐ 1,80,000-க்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். கையிலிருந்து போவது 3,30,000. ஆண்டு மிச்சம் 40,000 சொச்சம். எட்டு ஆண்டு ஆகும்.

கணக்கர் · 13 ஜூன், பகல் 3.05

எட்டு ஆண்டா? அந்தப் பணத்தை வைப்பில் போட்டால் வரும் வட்டியையும் பாருங்கள். நானாக இருந்தால் செய்யமாட்டேன்.

அமைதிக்கடல் · 13 ஜூன், இரவு 7.48

தூத்துக்குடியில் உப்புத் தொழிற்சாலை. எங்களுக்கும் பருவத்தில்தான் வேலை. மழைக் காலத்தில் டிரான்ஸ்ஃபார்மரையே நிறுத்திவிடுகிறோம். பிரேக்கரைத் திறந்து, ஏ.பி. ஸ்விட்சையும் திறந்து பூட்டுப் போட்டுவிடுவோம். மாற்றுவது பற்றி யோசித்ததே இல்லை.

நெல்மணி · 14 ஜூன், காலை 5.30

இரவெல்லாம் இதுதான் மனத்தில் ஓடியது. ஆலை ஓடாத 165 நாளும் டிரான்ஸ்ஃபார்மரை நிறுத்தி வைத்தால்? 3,960 மணி நேரம். சான்றிதழ் எண்ணை வைத்தே 3,881 யூனிட், 31,000 ரூபாய். கைச்செலவு ஏதுமில்லை.

அதன் பிறகு மாற்றுவதில் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தேன். நிறுத்தி வைத்துப் பயன்படுத்தினால் 500-இல் ஆண்டு இழப்பு 5,500 யூனிட். 200-ஐயும் அப்படியே நிறுத்தி வைத்தால் 3,197. வித்தியாசம் 2,303 யூனிட், 18,400 ரூபாய். எட்டு ஆண்டு என்பது பதினெட்டு ஆண்டாகிவிடுகிறது.

தணிக்கை அறிக்கையில் மாற்றச் சொல்லி எழுதியிருந்தது, நிறுத்தி வைப்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு வருத்தமாக இருக்கிறது. நான்கே வரிக் கணக்குதானே இது.

கம்பிக்கட்டு · 14 ஜூன், காலை 8.00

நிறுத்திவிட்டால் கிடங்கு விளக்குக்கும் பம்புக்கும் என்ன செய்வீர்கள்? இன்னொன்றும் இருக்கிறது. சூடாகவே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் ஈரம் ஏறாது. மாதக் கணக்கில் குளிர்ந்து கிடந்தால் பகலில் எண்ணெய் விரியும், இரவில் சுருங்கும், சுருங்கும்போது வெளிக் காற்றை இழுக்கும். காற்றோடு ஈரமும் வரும். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து நான் பார்த்தது இரண்டே முறை. இரண்டும் நீண்ட நாள் நிறுத்தி வைத்துப் போட்ட அன்று.

சுருள் · 14 ஜூன், இரவு 8.40

இதில் கம்பிக்கட்டு பக்கம் நிற்கிறேன். சோதிக்காமல் போட்டால் அப்படித்தான் நடக்கும்.

நிறுத்தும்போது மூச்சுக்குழாயில் புதிய சிலிக்கா ஜெல் போடுங்கள், அடியில் இருக்கும் கிண்ணத்தில் எண்ணெய் சரியான அளவு இருக்கட்டும். நீல ஜெல் வெளிர்சிவப்பாக மாறினால் ஈரத்தைக் குடித்துவிட்டது என்று பொருள், உடனே மாற்ற வேண்டும். மறுபடி போடும் முன் சுருளின் காப்பைப் பார்க்கும் மெகர் சோதனை, எண்ணெயின் மின் தாங்குதிறன் சோதனை இரண்டும் கட்டாயம். எண்ணெய் 30 கே.வி.க்குக் கீழே தாங்கினால் வடிகட்டாமல் போடாதீர்கள்.

தினமும் இரவில் நிறுத்திக் காலையில் போடும் எண்ணம் வேண்டாம். போடும் ஒவ்வொரு முறையும் பாயும் திடீர் மின்னோட்டம் சுருளை உலுக்கும், பிரேக்கருக்கும் தேய்மானம். பருவத்துக்கு ஒரு முறை, இரண்டு முறை என்றால் பிரச்சினை இல்லை.

விளக்குக்கு 25 கே.வி.ஏ. சிறியது ஒன்று பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அதன் இரும்பு இழப்பு ஐம்பது வாட் அளவில்தான் இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடாமல் இன்டர்லாக் வேண்டும், மின் ஆய்வுத் துறையின் அனுமதியும் வேண்டும்.

நெல்மணி · 2 ஜூலை, மாலை 5.20

25 கே.வி.ஏ. வேண்டாம் என்று முடிவு செய்தோம். கிடங்குக்கும் காவலர் அறைக்கும் சோலார் இன்வர்ட்டர் ஏற்கெனவே இருந்தது, ஆறு விளக்குக்குப் போதும். பம்பை டீசல் ஜெனரேட்டரில் ஒன்று விட்டு ஒரு நாள் முக்கால் மணி நேரம் ஓட்டுவோம். புது ஜெல் போட்டாயிற்று. நிறுத்துவதற்கு முன் எண்ணெய் 42 கே.வி. தாங்கியது. நாளைக் காலை நிறுத்துகிறோம்.

நெல்மணி · 19 ஜூலை, காலை 6.30

ஜெல்லில் பாதி வெளிர்சிவப்பாகிவிட்டது. பதினாறு நாளில்! மூடியின் ரப்பர் வளையம் விரிசல் விட்டிருந்தது, காற்று எண்ணெய்க் கிண்ணம் வழியாகப் போகாமல் பக்கவாட்டில் நுழைந்திருக்கிறது. வளையத்தையும் ஜெல்லையும் மாற்றிவிட்டோம். ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இதை யாரும் கவனித்ததில்லை.

நெல்மணி · 18 செப்டம்பர், இரவு 9.50

இன்று போட்டோம், குறுவை நெல் வர ஆரம்பித்துவிட்டது. காலையில் எண்ணெய் சோதித்தபோது 34 கே.வி. ஜூலையில் 42. அந்த விரிசலின் வேலைதான் என்று நினைக்கிறேன். மெகர் சோதனையில் எச்.டி. சுருளுக்கும் எர்த்துக்கும் நடுவே 900 மெகாஓம். சுருளிடம் தொலைபேசியில் கேட்டு, அவர் சரி சொன்ன பிறகே போட்டோம். எல்.டி.யைத் திறந்து வைத்தபடி ஒரு மணி நேரம் வெறுமனே விட்டு, சத்தம் சீராக இருக்கிறதா என்று வேலிக்கு வெளியே நின்று கேட்டோம்.

77 நாள், 1,848 மணி நேரம். மீட்டரில் அளந்த 1.06-ஐ வைத்தால் 1,959 யூனிட் மிச்சம், 15,700 ரூபாய். டீசலுக்கு 5,600 போனது. எண்ணெய்ச் சோதனைக்கும் ஜெல்லுக்கும் போனது தனி. டிமாண்டுக் கட்டணம் அப்படியே வந்தது, அதில் மாற்றமில்லை. ஆகக் கையில் நின்றது பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. நான் ஜூனில் போட்ட 31,000 கணக்கில் டீசலும் இல்லை, ஜெல்லும் இல்லை, பருவத்துக்கு நடுவே வரும் ஓய்வு நாட்களில் நிறுத்த முடியாது என்பதும் இல்லை.

கணக்கர் · 19 செப்டம்பர், காலை 10.00

பத்தாயிரத்துக்காக இவ்வளவு அலைச்சலா?

நெல்மணி · 19 செப்டம்பர், காலை 10.25

டீசல் இல்லாமல் பம்பைச் சோலாரில் ஓட்டினால் அது பதினைந்தாகும். அடுத்த ஆண்டு அதைத்தான் பார்க்கப் போகிறேன்.

கம்பிக்கட்டு · 19 செப்டம்பர், இரவு 7.30

34 என்பது எனக்குப் பிடிக்கவில்லை. இந்தப் பருவம் முடிந்ததும் எண்ணெயை வடிகட்டிவிடுங்கள். அடுத்த ஜூலையில் வடிகட்டாமல் நிறுத்தாதீர்கள்.

சுருள் · 19 செப்டம்பர், இரவு 8.05

அவர் சொல்வதைச் செய்யுங்கள். வடிகட்டும் வண்டி வரும் அன்று 500-க்கான மறுவிற்பனை விலையையும் இன்னொரு முறை கேட்டு வையுங்கள். இரண்டாவது அரவை வரிசை வரப் போவதில்லை என்று உறுதியாகிவிட்டால் மாற்றும் கணக்கை மறுபடி போடலாம்.

நெல்மணி · 20 செப்டம்பர், காலை 6.05

அதை அப்பாவிடம்தான் கேட்க வேண்டும்.